நீர்யானை தப்பிய மதியம்

பொம்மைத் தொழிற்சாலையில் அவளுக்குக் 'குறிப்பக்கா' என்று பெயர். கூட்டத்தில் யார் எதைச் சொன்னாலும் எந்த ஸ்லைடைப் பற்றிச் சொன்னார்கள் என்று எண் போட்டு எழுதிவிடுவாள். வீட்டிலும் அதே கதைதான். "உப்பு இல்லை" என்று கணவர் முணுமுணுத்தால், எந்தக் கிண்ணத்தில் என்று கேட்காமல் விடமாட்டாள்.

அன்று வீடியோ கூட்டம். முதலாளிக்குக் கண் பார்வை போய் நான்கு வருடமாகிறது. அதனால் விற்பனைக்காரத் தம்பி ஒவ்வொரு ஸ்லைடையும் வாயால் விவரித்தான். கூட்டம் முடிந்ததும் குறிப்பக்கா பதிவைப் போட்டு, திரையில் ஸ்லைடு மாறிய நேரத்தையும் பேச்சையும் பொருத்தி, சுருக்கம் எழுதினாள்.

ஒன்பதாவது ஸ்லைடு, சக்கரம் வைத்த நீர்யானை. அதன் எதிரே முதலாளியின் பேச்சு: "வாய் ரொம்பப் பெருசு. குழந்தை பயந்துடும். இதை நிறுத்திடுங்க."

இரண்டு மணிக்குச் சுருக்கம் பட்டறைக்குப் போகும். நிறுத்து என்றால் அச்சை உருக்கிவிடுவார்கள். ஆறு மாதம் அந்த நீர்யானையோடு மல்லுக்கட்டிய வடிவமைப்பாளப் பெண், தோளுக்குப் பின்னால் நின்று அதைப் படித்துவிட்டாள். முகம் சுண்டைக்காயாகச் சுருங்கிப்போனது.

"நீர்யானைக்கு வாய் பெருசா இல்லாம மூக்கா பெருசா இருக்கும், அக்கா?"

குறிப்பக்காவுக்கு அந்தக் கேள்வி எங்கோ உறைத்தது. பதிவைத் திரும்ப ஓட்டினாள். திரையில் நீர்யானை வந்துவிட்டது. தம்பியின் நாக்கோ இன்னும் எட்டாவது ஸ்லைடிலேயே இருந்தது: "பச்சை நிறம், பதினாறு பல்லு, வாயைத் திறந்தா..." முதலை! பதற்றத்தில் அவன் விரல் நாக்கை முந்தியிருக்கிறது. முதலாளியின் பேச்சுக்குப் பிறகுதான் "அடுத்தது குண்டா, சக்கரத்தோட" என்கிறான். அப்போது திரையில் பத்தாவது, வாத்து.

"அவர் திரையையா பார்த்தார்? காதுல விழுந்ததுக்குத்தானே பதில் சொன்னார்," என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

மணி ஒன்று நாற்பது. சந்தேகத்துக்கு இடம் வைக்காமல் முதலாளிக்கே போன் போட்டாள்.

"நீங்க நிறுத்தச் சொன்னது முதலையையா, நீர்யானையையா, ஐயா?"

"முதலையைத்தான்மா. நீர்யானையை அவன் அப்போ சொல்லவே இல்லையே."

பேச்சுகளை ஸ்லைடு மாறிய நேரத்தோடு பொருத்தாமல், விவரித்த வார்த்தைகளோடு பொருத்தினாள். எல்லாம் ஒரு படி பின்னால் நகர்ந்தன. வாத்தின் எதிரே எழுதியிருந்த "ரெண்டு வண்ணத்துல போடுங்க" என்பதும் நகர்ந்து வந்து நீர்யானையின் மேல் உட்கார்ந்தது.

வடிவமைப்பாளப் பெண் சிரிக்கத் தொடங்கியவள் நிறுத்தவே இல்லை. மாதிரி நீர்யானையை மேசைமேல் உருட்டிவிட்டாள். அது விசைப்பலகையில் ஏறி, சுருக்கத்தின் நடுவே நாற்பது 'ம' அடித்துவிட்டு நின்றது.

"இது எந்த ஸ்லைடுக்கு, அக்கா?"

குறிப்பக்கா வாயைப் பொத்திக்கொண்டு அத்தனை 'ம'வையும் அழித்தாள். இரண்டு மணிக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது சுருக்கம் பட்டறைக்குப் போனது.