மாமாவைக் கால் முன்னால் இறக்கிய நாள்

சுனாமிக்கு அடுத்த வருஷம், எங்கள் வீட்டுக்காரரின் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம். மரக்காணத்தை ஒட்டி, உப்பளத்தைப் பார்த்த மாதிரி ஒரு மண்டபம். கீழே சாப்பாடு, மாடியில் மணவறை. என் மாமனாருக்கு உப்பளம் உண்டு, நல்ல ஆகிருதியும் உண்டு. அதற்கு முந்தைய வருஷம் வந்த பக்கவாதத்தில் இடது கையும் காலும் விழுந்து சக்கர நாற்காலிக்கு வந்துவிட்டார். வாய் மட்டும் அப்படியே இருந்தது. அவரை நாற்காலியோடு மாடிக்கு ஏற்றியபோது, “நீங்க தூக்கறதப் பாத்தா தாலி கட்டறதுக்குள்ள மேல போயிடுவேன்னு தோணல” என்றார்.

நான் பாண்டிச்சேரியில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். புது இடம் எதுவானாலும் வழி எத்தனை என்று பார்த்துவிட்டுத்தான் உட்காருவேன். வீட்டில் எல்லோரும் அதற்குக் கேலி செய்வார்கள். அங்கே இரண்டு படிக்கட்டு: சமையல்கட்டை ஒட்டி ஏறும் முன்படி, மேற்கே சுவருக்கு வெளியே இறங்கும் பக்கப்படி. அதற்காகவே மாமாவைப் பக்கப்படி ஓரம் உட்கார வைத்தேன். “எம் மருமவ என்னைய மொய் எழுதற எடத்துலேருந்து தள்ளி வைக்குறா” என்று அவர் ஊரெல்லாம் சொன்னார்.

தாலி கட்டி முடிந்து கூட்டம் பந்திக்கு எழுந்துகொண்டிருந்தபோது கீழே வடைச்சட்டி எண்ணெய் தீப்பற்றிக்கொண்டது. யாரோ ஒரு புண்ணியவான் அதில் தண்ணீரை ஊற்றிவிட்டார். எண்ணெய்த் தீயில் தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. சமையல்கட்டுக்குப் பின்னால் போட்டிருந்த கீற்றுப் பந்தலும் சேர்ந்து எரிய, புகை முன்படி வழியாக மேலே ஏறியது. ஏறி வந்த படியில்தான் எல்லோரும் இறங்கப் பார்த்தார்கள். புகை கண்ணைக் கட்டவும் அத்தனை பேரும் திரும்பிப் பக்கப்படிக்கு ஓடி வந்தார்கள்.

சின்ன மாமா, அதாவது மாமாவின் தம்பி, சாப்பாட்டுப் பாத்திரம் ஏற்றுகிற லிஃப்டைக் காட்டினார். “அண்ணன அதுல வச்சி அனுப்பிடலாம்.” அந்த லிஃப்ட் இறங்குவது சமையல்கட்டுக்குள். எனக்கு வந்த கோபத்தில் மரியாதை மறந்து போயிற்று. “அவர் என்ன சாம்பார் அண்டாவா?” என்றேன்.

அந்த நெரிசலில் நாற்காலியைப் படியில் இறக்கினால் பத்துப் பேர் அதன் மேல் விழுவார்கள், மாமா அவர்களுக்கு அடியில் கிடப்பார். எங்கள் ஆஸ்பத்திரியில் நடக்க முடியாதவர்களுக்கென்று மாடிப்படி ஓரமாக ஓர் இடம் வைத்திருந்தோம். சுற்றிலும் சுவர், மூடிக்கொள்ளும் கதவு, பக்கத்திலேயே இறங்கும் வழி. உதவி வரும்வரை, அல்லது படி காலியாகும்வரை, அங்கே இருக்கலாம். மண்டபத்தில் அப்படி இடம் ஏது? ஆனால் பக்கப்படியின் தலைப்பில் அகலமான வெளித்தளம் இருந்தது. சிமெண்டுத் தரை, மேலே வானம், உள்ளே போகக் கனமான மரக்கதவு. நானும் வீட்டுக்காரரும் சின்ன மாமாவும் மாமாவை அங்கே தள்ளி, இறங்குகிறவர்களுக்கு வழி விட்டு மூலையில் நிறுத்தி, பிரேக்கைப் போட்டோம். தவில்காரர் இறங்கிக்கொண்டிருந்தார். “தீயணைப்பு வண்டி வந்தா சொல்லுங்கண்ணே. மேற்குப் படி, மொத மாடி, நடக்க முடியாதவர் ஒருத்தர், கூட மூணு பேர்.” அவர் குரல் எனக்குத் தெரியும், கீழே போய் ஊருக்கே கேட்கும்படி சொல்வார். வீட்டுக்காரர் உள்ளே எட்டிப் பார்த்து யாரும் இல்லை என்றதும் கதவைச் சாத்தி, அடி இடுக்கில் ஜமக்காளத்தைத் திணித்தோம். அதன் பிறகு மூச்சு விட முடிந்தது.

படி மெல்லக் காலியாகிக்கொண்டிருந்தது. வண்டிச் சத்தம் கேட்கவில்லை. மாமா அண்ணாந்து பார்த்தார். “காத்து திரும்புது” என்றார். வெயில் ஏறினால் கடல்காற்று எழும் என்பது உப்பளக்காரர்களுக்குக் கைரேகை மாதிரி. சொன்னபடியே, அதுவரை கிழக்கே போன புகை கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு எங்கள் பக்கம் வர ஆரம்பித்தது. இனி அங்கே நிற்பது பாதுகாப்பு இல்லை. படியும் காலி. “எறக்கிடலாம்” என்றேன்.

சின்ன மாமா கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினார். அது கழன்று அவர் கையோடு வந்துவிட்டது. “கழட்டி மாட்டறத புடிக்காதீங்க, இரும்புச் சட்டத்தப் புடிங்க” என்றேன். மாமாவின் துண்டாலேயே அவர் மார்பை நாற்காலி முதுகோடு சேர்த்துக் கட்டினேன். விழுந்த கையை மடியில் வைத்து வேட்டி முனையால் சுற்றினேன். வீட்டுக்காரர் பின்னால் நின்று நாற்காலியைத் தன் பக்கம் சாய்க்க வேண்டும், முன்னால் பக்கத்துக்கு ஒருவராக இருவர் சட்டத்தைப் பிடித்துத் தாங்க வேண்டும், பெரிய சக்கரம் ஒவ்வொரு படியாக உருண்டு இறங்கும். எல்லாம் சொல்லி முடித்தபோது சின்ன மாமா நகரவில்லை.

“கால் முன்னால போவுதேம்மா.”

பிணத்தைத்தான் வாசலிலிருந்து கால் முன்னால் எடுப்பார்கள். கல்யாண வீட்டில், உயிரோடு இருக்கிற அண்ணனை அப்படி எடுக்க அவருக்கு மனசு வரவில்லை. “திருப்பிக்கலாம், முதுகு முன்னால போவட்டும்” என்றார். அப்படித் திருப்பிச் சாய்த்தால் மாமாவின் தலை படிக்கட்டை நோக்கித் தொங்கும், கனம் முழுக்கக் கீழே நிற்கிறவர் மேல் விழும். இதைச் சொன்னேன். என் வீட்டுக்காரரே தயங்கினார். மாமா கண்ணை மூடிக்கொண்டு, “வேணாம். நீங்க மூணு பேரும் எறங்குங்க. வண்டி வரட்டும், இல்லாட்டி போவட்டும்” என்றார்.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. புகை அவர் மூக்குக்கு வந்துவிட்டது, இருமினார். நான் அவர் முன்னால் குனிந்தேன்.

“மாமா, பாடைன்னா நாலு பேரு தூக்கணும். இங்க மூணு பேருதான். அதுல ஒருத்தி பொம்பள. பொம்பள கை வச்சு எந்தப் பொணமாவது சுடுகாட்டுக்குப் போயிருக்குதா?”

மாமா ஒரு கண்ணைத் திறந்தார். தம்பியிடம், “அவ சொல்றது சரிதாண்டா. புடி” என்றார்.

பிடித்தோம். அவர் என்னைவிட இரண்டு மடங்கு கனம். சட்டம் உள்ளங்கையை அறுத்தது. “சாய்… விடு… நில்லு” என்று நான் சொல்லச் சொல்ல, மூவரும் ஒரே மூச்சில் ஒவ்வொரு படியாக இறங்கினோம். சின்ன மாமா அவசரப்பட்டபோதெல்லாம் அதட்டினேன், அவரும் கேட்டுக்கொண்டார். மாமா வலது கையால் எதையும் எட்டிப் பிடிக்காமல், நான் சொன்னபடி மடியிலேயே வைத்திருந்தார். பயந்தவர்கள் அப்படி இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

கீழே, புகைக்குள்ளிருந்து முதலில் வெளியே தெரிந்தது அவருடைய இரண்டு பாதங்கள். வாசலில் நின்ற மாமாவின் தங்கை அதைப் பார்த்தார். நாலு பேர் இல்லை, பொம்பளை கை இருக்கிறது என்பதெல்லாம் அவருக்கு எங்கே தெரியும்? தலையை விரித்துப்போட்டு, மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரியை எடுத்தார். “உப்பு வெளைஞ்ச மண்ணுல நீ ராசாவா இருந்தியே, என் அண்ணா…” கூட இருந்த பெண்களும் சேர்ந்துகொண்டார்கள்.

நாற்காலி தரையில் இறங்கியது. மார்பில் கட்டிய துண்டை நான் அவிழ்க்கும்வரை மாமா அசையாமல், ஒரு வரி விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு நல்ல கையை உயர்த்தினார். ஒப்பாரி பாதியில் நின்றது.

“நிறுத்தாதடி,” என்றார் தங்கையிடம். “இது மட்டும்தான் எனக்குக் கேக்கக் குடுத்து வைக்காதுன்னு நெனச்சிட்டிருந்தேன்.”