குலுக்கலில் விழாத பெயர்

“முன்னால வந்தவங்களுக்கு முன்னால குடுப்போம். எந்த ஊருலயும் அதானே வழக்கம்?” என்றார் தலைவர் ராதாகிருஷ்ணன். பிரிக்பீல்ட்ஸில் புத்தகமும் எழுதுபொருளும் விற்கும் அவருடைய கடையின் மாடியில்தான் எங்கள் சொற்பொழிவுக் குழு கூடும்.

“எந்த ஊரில?” என்று கேட்டார் கனகேஸ்வரி அக்கா. “போன வருஷம் காலமை ஒன்பது மணிக்கு உங்கட கடையில டிக்கெட் குடுத்தம். ஸ்காட் ரோட்டுக்காரர் சிலிப்பரோட நடந்து வந்து எடுத்துக்கொண்டு போயிட்டினம். கிள்ளான் பஸ் வந்து சேரேக்க என்ன மிச்சம் இருந்தது?”

“நான்தான் மிச்சம் இருந்தேன்,” என்றார் கிள்ளானிலிருந்து வரும் தம்புசாமி. “ஏழு பேரைக் கூட்டிக்கிட்டு வந்து, டீ வாங்கிக் குடுத்துத் திருப்பி அனுப்பினேன். அவங்க இன்னும் என்னை அதுக்குக் கேலி பண்றாங்க லா.”

“அப்போ சீக்கிரம் கிளம்பணும்.”

“பாஸ், எங்க ஊருலேர்ந்து எவ்வளவு சீக்கிரம் கிளம்புனாலும் நீங்க எழுந்து பல்லு விளக்குற நேரத்துக்குத்தான் வந்து சேருவோம்.”

தலைவர் சிரித்துவிட்டு வேறு வழி சொன்னார். சொற்பொழிவு நடக்கும் மண்டபத்தின் வாடகைக்கு நன்கொடை கொடுத்தவர்களுக்கு முதலில், பிறகு உறுப்பினர்களுக்கு, மீதி இருந்தால் மற்றவர்களுக்கு.

“மீதி இராது,” என்றார் அக்கா. “இலவசம் எண்டு பேப்பரில போடுறம். பிறகு தெரிஞ்ச ஆக்களுக்கு மட்டும் குடுத்தா, அதுக்குப் பேர் என்ன?”

“அப்ப யாருக்குமே முன்னுரிமை வேணாங்கிறீங்களா?”

“வேணும். ஊன்றுகோலோட வாறவைக்கு, சக்கர நாற்காலியில வாறவைக்கு, காது மந்தமானவைக்கு முன் வரிசை. அவையோட துணைக்கு ஒருத்தர். மற்ற எல்லாருக்கும் குலுக்கல். ஆளுக்கு ஒரு தபாலட்டை. ரெண்டு போட்டால் ரெண்டும் செல்லாது. டிக்கெட்டில பேர் இருக்கும், மாத்த ஏலாது.”

“கமிட்டிக்கு?”

“கமிட்டியும் அட்டை போடட்டும். விழாத ஆள் வாசலில நிக்கட்டும்.”

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நீங்களும் சேர்த்தாம்மா?”

“ஓம். நானும்தான்.”

போலீஸ் பெர்மிட்டுக்கு மலாயில் கடிதம் எழுத ஆள் தேவைப்பட்டதால் அந்தக் குழுவில் எனக்கு இடம் கிடைத்திருந்தது. கூட்டக் குறிப்பையும் என்னையே எழுதச் சொல்வார்கள்.  அன்று “நானும்தான்” என்று சொன்னபோது அக்காவின் குரல் சற்று இறங்கியதைக் கவனித்தேன்.

கனகேஸ்வரி அக்கா அரசாங்க அலுவலகம் ஒன்றில் தட்டச்சர். யாழ்ப்பாணத்திலிருந்து ஏழு வயதில் மாமனோடு கப்பலேறி வந்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணன் குடும்பத்தோடு ஸ்காட் ரோட்டில் இருந்தார். அலுவலகத்தில் நாள் முழுதும் பிறருடைய கடிதங்களைத் தட்டச்சு செய்துவிட்டு, மாலையில் எங்கள் குழுவின் கடிதங்களையும் தட்டச்சு செய்வார். கேரம் ஆட்டத்தில் தோற்றால் அன்று யாரோடும் பேச மாட்டார். அண்ணன் பிள்ளைகள் அதற்காகவே அவரைத் தோற்கடிக்கப் பார்ப்பார்கள்.

டிக்கெட்டும் வாசலும் பல வருடங்களாக அவர் பொறுப்பு. அதனால் அவர் ஏற்பாடு செய்த சொற்பொழிவு எதையும் முழுதாகக் கேட்டதில்லை. பேச்சு தொடங்கும் நேரத்தில்தான் யாராவது கதவைத் தட்டுவார்கள். பாதியில் ஒருவருக்குக் கழிவறை காட்ட வேண்டியிருக்கும், கார் வழியை அடைக்கிறது என்று ஒருவர் வருவார். கைதட்டல்தான் அவருக்கு முழுதாகக் கேட்கும்.

அந்த வருடம் சென்னையிலிருந்து வரவிருந்த பேராசிரியர் வானொலியில் பேசும்போது அக்கா வீட்டில் யாரும் தட்டுக்கூடக் கழுவக் கூடாது. அவர் இங்கே பேசப்போவதோ, கடல் கடந்து வந்த தமிழர்களின் பயணத்தைப் பற்றி. பேச்சைப் பதிவு செய்யக் கூடாது என்று எழுதியிருந்தார். வெளியே ஒலிபெருக்கி வைக்கப் பெர்மிட் கிடைக்கவில்லை. முன் வருடம் தள்ளுமுள்ளில் கண்ணாடிக் கதவு உடைந்ததால், நாற்காலி இல்லாதவர் எவரும் உள்ளே நிற்கக் கூடாது என்று மண்டபத்தார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். ஆக, கேட்க வேண்டுமானால் நாற்காலி வேண்டும்.

“இதை மட்டும் முழுசாக் கேக்க வேணும், பிள்ளை,” என்று அக்கா ஒருநாள் பஸ் நிறுத்தத்தில் என்னிடம் சொன்னார். “நான் வந்த கப்பலில மூண்டு நாள் வாந்தி எடுத்தது மட்டும்தான் எனக்கு ஞாபகம். அவர் மிச்சத்தைச் சொல்லுவார்.”

கேட்க வேண்டும் என்று இருந்தவர் கமிட்டிக்கு நாலு நாற்காலி ஒதுக்கிக்கொண்டிருக்கலாம். ஒருவரும் முகம் சுளித்திருக்க மாட்டார்கள். 

நாளிதழில் அறிவிப்பு வந்ததும் அட்டைகள் குவிந்தன. மண்டபத்தில் முந்நூறு பேர் உட்காரலாம். அட்டைகளோ அதைப் போல மூன்று மடங்கு. கடை வாசலில், போகிறவர் வருகிறவர் பார்க்கும்படி ஒரு சனிக்கிழமை குலுக்கல் நடந்தது. கோயில் சமையலறையிலிருந்து வாங்கி வந்த பெரிய அண்டாவில் அட்டைகளைக் கொட்டி, அக்கா முழங்கை வரை கைவிட்டுக் கிளறினார். வெளியூரிலிருந்து வந்த ஒரு வியாபாரியிடம், “அங்கிள், நீங்கள் அட்டை போட்டனீங்களோ?” என்று கேட்டு, இல்லை என்றதும் அவரையே எடுக்கச் சொன்னார்.

தலைவர் பெயர் விழுந்தது. தம்புசாமி பெயர் விழுந்தபோது அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தலைக்கு மேல் சுழற்றினார். என் பெயரும் விழுந்தது. கடைசி அட்டையை எடுத்தபோது அக்கா எட்டிப் பார்த்தார். கம்போங் மேடானைச் சேர்ந்த யாரோ ஒருவரின் பெயர்.

“என் டிக்கெட்ட எடுத்துக்குங்கம்மா,” என்றார் தலைவர். அவர் மனதாரத்தான் சொன்னார்.

“அதில ராதாகிருஷ்ணன் எண்டு கிடக்குது. எனக்கு மீசை இல்லையே,” என்றார் அக்கா. கூட்டம் சிரித்தது. அவர் அண்டாவைத் துடைக்கத் தொடங்கினார்.

ஆனாலும் ஒரு வழி மிச்சமிருந்தது. இலவச டிக்கெட் வாங்கியவர்களில் பலர் வராமல் போவார்கள் என்பது அவருக்குத் தெரியும். அதனால் பேச்சு தொடங்கக் கால் மணி நேரத்துக்கு முன்பு வரை வராதவரின் நாற்காலி, வாசலில் காத்திருப்பவர்களுக்கு வரிசைப்படி போகும் என்று அறிவித்திருந்தார். அந்த வரிசையில் அவரும் நின்றிருக்கலாம். ஆனால் வாசலைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை.

ஞாயிறு பிற்பகல் நான் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டேன். வெளியில் நடந்ததைப் பின்னால்தான் கேட்டறிந்தேன்.

கிள்ளானையும் தாண்டியுள்ள காப்பாரிலிருந்து இரண்டு பெண்கள் பஸ் மாறி வந்திருந்தார்கள். பவுனம்மாளும் அவர் நாத்தனார் வள்ளியம்மாவும். தோட்டத்தில் வேலை. ஆளுக்கு ஓர் அட்டை என்று நாளிதழில் போட்டிருந்ததால் தனித்தனியாகப் போட்டார்கள். பவுனம்மாள் பெயர் மட்டும் விழுந்தது. வள்ளியம்மா காத்திருப்போர் வரிசையில் நின்றார். வராதவர்களின் நாற்காலிகள் ஒவ்வொன்றாக நிரம்பின. கடைசி நாற்காலி, வள்ளியம்மாவுக்கு முன்னால் நின்ற, செராஸிலிருந்து வந்த ஒருவரோடு முடிந்துவிட்டது.

அக்கா கதவைச் சாத்தப் போகும்போது பவுனம்மாள் உள்ளேயிருந்து வெளியே வந்தார்.

“இந்தாங்க டிக்கெட்டு. அவள வெளிய நிக்க வெச்சிட்டு நான் மட்டும் எப்படி உக்காந்து கேக்குறது?”

அக்காவுக்கு இது நல்ல செய்தியாகவே பட்டது. காலியான நாற்காலி, வரிசையில் அடுத்தவருக்கு. அடுத்தவர் வள்ளியம்மா.

“சரி, அப்ப நீங்கள் போங்கோ,” என்றார்.

“நான் மட்டுமா? நல்லாருக்கே! டிக்கெட்டு உழுந்தது அவளுக்கு. அவ வெளியில நிப்பா, நான் உள்ள போயி உக்காரணுமா?” என்றார் வள்ளியம்மா. “ஏய், நீ போடி.”

“நீ போ. உனக்குத்தான் அந்த ஆளு பேச்சுன்னா உசுரு.”

“பஸ்ல வாந்தி எடுத்தவ நீ. உள்ள போயி உக்காரு, ஃபேன் இருக்கு.”

“யாராவது ஒருத்தர் போங்கோ!” என்றார் அக்கா. உள்ளே வரவேற்புரை தொடங்கிவிட்டது. இருவரும் அசையவில்லை. வள்ளியம்மாவுக்குப் பின்னால் நின்ற மாணவன், “அப்ப நான் போலாமா?” என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் செருப்பைத் தேய்த்துக்கொண்டு உள்ளே ஓடிவிட்டான். அவன் முறைதான். அக்கா கதவைச் சாத்தினார்.

“அந்த நாற்காலியில நீங்களே போய் உட்கார்ந்திருக்கலாமே?” என்று பின்னால் நான் கேட்டபோது, “நான் வரிசையில நிக்கேல்லையே, பிள்ளை,” என்றார்.

மூவரும் படியில் உட்கார்ந்தார்கள். “ரெண்டு பேராப் போறம்னு சொன்னாத்தான் வீட்டுல விடுவாங்க,” என்று பவுனம்மாள் சொன்னார். “ஒருத்தி பேரு மட்டும் உழுந்தா அது எங்களுக்கு உழாத மாதிரிதான்.” குறை சொல்லும் குரலில் அவர் சொல்லவில்லை. மழை வரும் போலிருக்கிறது என்பது போலச் சொன்னார்.

அக்காவுக்கு அது உறைத்தது. ஒருவர் பத்து டிக்கெட்டை அள்ளிக்கொண்டு போகக் கூடாது என்பதற்காகத்தான் ஆளுக்கு ஓர் அட்டை என்று வைத்தார். ஊன்றுகோலோடு வருகிறவருக்குத் துணை வேண்டும் என்று தெரிந்தவருக்கு, நல்ல கால் உள்ளவர்களிலும் தனியாக வர முடியாதவர்கள் இருப்பார்கள் என்று தோன்றவில்லை. தனியாகப் பஸ் ஏறி, தனியாக வேலைக்குப் போய், தனியாகவே பழகியவர்.

அடுத்த வருடம் ஒரே அட்டையில் இரண்டு பெயர் எழுதலாம் என்று விதியை மாற்றினார்: விழுந்தால் இருவருக்கும், இல்லாவிட்டால் இருவருக்கும் இல்லை, அந்தப் பெயர்கள் வேறு அட்டையில் இருந்தால் இரண்டுமே செல்லாது. “ஒரு அட்டைக்கு ரெண்டு சீட்டு போனா, தனியா போடுறவனுக்கு நஷ்டம் இல்லியா?” என்று தலைவர் கேட்டார். அட்டை எடுக்கப்படும் வாய்ப்பு எல்லா அட்டைக்கும் ஒன்றுதான், கடைசியில் ஒற்றை நாற்காலி மிஞ்சினால் அதை ஒற்றைப் பெயர் அட்டைக்கே கொடுப்போம் என்றார் அக்கா. எவ்வளவு பேசியும் தலைவர் முழுதாகச் சமாதானமாகவில்லை. எனக்கும் அதில் ஒரு சந்தேகம் உண்டு. இரண்டு பெயர் அட்டைகள் கூடினால் குலுக்கலில் எடுக்கப்படும் அட்டைகள் குறையும். எல்லாருக்கும் நியாயமாக இருக்கும் விதி ஒன்று எங்கேயாவது இருக்கிறதா என்று தெரியவில்லை. தேடாமல் விட முடியாது என்பது மட்டும் அக்காவின் கட்சி.

அந்த ஞாயிற்றுக்கிழமை பேச்சு முடிந்து நான் வெளியே வந்தபோது, தாளில் சுருட்டிய கச்சான் கடலையை நடுவில் வைத்துக்கொண்டு மூவரும் இன்னும் படியில் இருந்தார்கள். கூட்டம் அவர்களைச் சுற்றிக்கொண்டு இறங்கியது. “அருமை, அருமை” என்று சொல்லிக்கொண்டே தலைவர் கடந்து போனார். அக்கா அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்து இழுத்து, தாளை நகர்த்தி, நான் உட்கார இடம் ஒதுக்கினார்.

“இவையின்ர கிள்ளான் பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கு, பிள்ளை,” என்றார். “நல்லா இருந்தது எண்டு சொல்லாதையும். அவர் முதல்ல என்ன சொன்னவர், பிறகு என்ன சொன்னவர், எல்லாத்தையும் ஒண்டும் விடாமல் எங்கள் மூண்டு பேருக்கும் சொல்லும்.”