நடுவில் சேர்ந்த டீத்தூள்

தாமோதரனுக்கு நாற்பத்தாறு வயது. நகரியில் நெசவு வீட்டில் பிறந்தவர். திருப்பதியில், அலிபிரி போகிற சாலையில் உள்ள ஒரு கோச்சிங் காலேஜில் பதினெட்டு வருடமாக பிசிக்ஸ் நடத்துகிறார். அத்தனை வருடத்தில் அவர் வாயில் நுழையாத ஒரே சொல் ‘தெரியாது’. பிள்ளைகள் எதைக் கேட்டாலும் பதில் தயாராக இருக்கும். சரியா தப்பா என்பது கேட்ட பிள்ளையின் தலையெழுத்து.

அவருக்கு வேண்டியதெல்லாம் ஹெச்ஓடி என்கிற துறைத்தலைவர் நாற்காலி. அதற்காக மலைமேல் போய் முடியையும் மீசையையும் கொடுத்துவிட்டு, நாற்காலி கிடைக்கும்வரை டீயைத் தொடமாட்டேன் என்று வேண்டிக்கொண்டும் வந்தார். இவர் டீ குடிக்காததால் பெருமாளுக்கு என்ன மிச்சம் என்று வீட்டில்கூடக் கேட்கவில்லை. கேட்டால் அதற்கும் பதில் வைத்திருப்பார்.

நாற்காலியை முடிவுசெய்வது ஒரு டெமோ கிளாஸ். டைரக்டர் ஹரிபாபு கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பார். தாமோதரன் யோசித்து, சுழற்சியைப் பற்றிய பாடத்தை எடுத்தார். பீக்கரில் தண்ணீர், அதில் டீத்தூள். ஒரு கலக்கு கலக்கினால் தூள் எல்லாம் விளிம்புக்குப் பறக்கும், கைதட்டல் விழும் என்பது திட்டம். செய்து பார்த்தாரா என்றால் இல்லை. சுற்றுகிற பொருள் வெளியே போகும் என்று புத்தகத்தில் இருக்கும்போது பீக்கரைக் கேட்பானேன்?

முந்தின நாள் லேப் அட்டெண்டர் ரூபாவிடம் சாமான்களை எடுத்து வைக்கச் சொன்னார். தமிழ்நாட்டு எல்லைப்பக்கத்து ஊரிலிருந்து பஸ் பிடித்து வந்து, பன்னிரண்டு வருடமாக அந்த லேபில் பீக்கர் கழுவுகிறவள்.

“சார், தூளு ஓரத்துக்குப் போவாது. கலக்கி உட்டா நடுவாண்ட வந்து குந்திக்கும். டெய்லி பாத்துக்கினு கீறேன்.”

“நீ பிசிக்ஸ் படிச்சியா?”

“இல்ல சார்.”

“அப்ப கழுவுறத மட்டும் பாரு.”

ரூபா பீக்கரையும் டீத்தூளையும் எடுத்து வைத்தாள்.

மறுநாள் கிளாஸில் தாமோதரன் கரண்டியைச் சுழற்றினார். “பாருங்க, இப்ப எல்லாம் விளிம்புக்கு ஓடும்” என்று கரண்டியை எடுத்தார். தூள் கொஞ்சம் சுற்றியது, வேகம் குறையக் குறைய அடியில் நகர்ந்து நட்டநடுவில் குவிந்தது. இன்னும் வேகமாகக் கலக்கினார். இன்னும் அழகாகக் குவிந்தது.

“டீத்தூள் மட்டமான சரக்கு” என்றார்.

ஓரமாக நின்றிருந்த ரூபா வேறு பாக்கெட் கொண்டுவந்தாள். அதுவும் நடுவுக்கே போனது. முன்பெஞ்சு பிரித்திகா எழுந்து, “சார், ஏன் நடுவுல வருது?” என்று கேட்டாள். தாமோதரன் மறுபடி கரண்டியை எடுத்துக் கலக்கினார். கடைசி பெஞ்சில் ஹரிபாபு பேனாவைத் திறந்தார்.

ரூபாவுக்குப் பாவமாகிவிட்டது. அதுதான் அவள் செய்த தப்பு. இன்னொரு பீக்கரில் சுத்தத் தண்ணீரை வைத்துக் கலக்கிவிட்டு, பெர்மாங்கனேட் உப்புக்கல் ஒன்றை ஓரமாகப் போட்டாள்.

“கல்லு அடில போயிச்சா? இப்ப கலரு எங்க போவுது பாருங்க சார்.”

ஊதாக் கோடு ஒன்று அடித்தரையை ஒட்டிச் சுருண்டு சுருண்டு உள்ளே வந்தது. நடுவை அடைந்ததும் மேலே ஏறியது. தாமோதரன் குனிந்து பார்த்தார். பதினெட்டு வருடத்தில் முதல்முறையாக அவருக்கு ஒரு விஷயம் நிஜமாகவே புரிந்தது. அந்த ஒரு நொடி அவர் முகம் நல்ல முகமாக இருந்தது.

பிறகு நிமிர்ந்தார். “சுத்துற தண்ணி ஓரத்துல உயரும். அதனால ஓரத்துல அழுத்தம் ஜாஸ்தி, அது உள்பக்கமா தள்ளும். மேல இருக்கற தண்ணி வேகமா சுத்துது, அந்தத் தள்ளலுக்கு ஈடுகொடுக்கும். அடித்தண்ணி தரையில உரசி வேகத்தை விட்டுடும். அதால ஈடுகொடுக்க முடியாம உள்ள சரியும், தூளையும் இழுத்துக்கினு வரும். நடுவுல தண்ணி மேல ஏறிடும், தூள் கனம், ஏறமுடியாம தங்கிடும்.” மூச்சு வாங்கிவிட்டு, “முதல்ல உங்களைத் தப்பா நினைக்க வெச்சு, அப்புறம் உண்மையைக் காட்டணும்னுதான் இப்படி பிளான் பண்ணேன்” என்றார்.

விழுந்தும் மண் ஒட்டவில்லை. ஒட்ட மீசையும் இல்லை. கைதட்டல் விழுந்தது. ஹரிபாபு எழுந்து வந்து தெலுங்கில் மெச்சினார். ரூபா இரண்டு பீக்கரையும் எடுத்துக்கொண்டு கழுவப் போனாள்.

நாற்காலி கிடைத்தது, வேண்டுதலும் முடிந்தது. புது ரூமில் ஹெச்ஓடிக்குத் தினம் பதினோரு மணிக்கு டீ கொண்டுபோவது ரூபாவின் வேலை. முதல் நாள் சர்க்கரையைக் கலக்கிவிட்டு டம்ளருக்குள் பார்த்தவர் நிமிர்ந்தார்.

“வடிகட்டலையா?”

“வடிகட்டி ஒடஞ்சிபோச்சி சார்.”

மூன்று மாதமாகிறது. மற்ற லெக்சரர்களின் டீயில் ஒரு தூள் கிடையாது. தாமோதரன் ஏன் என்று கேட்பதில்லை. கலக்குகிறார், தூள் நடுவில் வந்து உட்கார்கிறது, ஓரமாக உறிஞ்சிக் குடித்துவிட்டு டம்ளரைக் கொடுக்கிறார். ரூபா அதையும் கழுவி வைக்கிறாள்.