‘மாத்து’ என்ற கட்டளை

நண்பரின் மனம் நோக நடந்துகொண்டேன். பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்புகளை யூனிகோடுக்கு மாற்ற நான் எழுதி, இணையத்தில் இலவசமாகத் தந்த நிரலின் கட்டளைக்கு ‘மாத்து’ என்று பெயர் வைத்தவர் அந்தச் சாந்தோம் நண்பர். அது கொச்சையாக இருக்கிறதென்று, அவரிடம் சொல்லாமலே, ‘மாற்று’ ஆக்கிவிட்டேன்.

“இன்னாபா, நான் வச்ச பேரைத் தூக்கிட்டியா? என் ஸ்கிரிப்ட் படுத்துகினு கீது!” என்று ஃபோனில் சிரித்தார். பழைய பெயரால் என் நிரலை அழைக்கும் அவருடைய சிறு நிரல் நின்றுபோயிருந்தது.

“ரீட்மீ படிக்க மாட்டீரா?” என்றேன். நிரலோடு வரும் அந்தக் குறிப்புக் கோப்பில் பெயர் மாற்றத்தைப் பற்றி நான் எதுவும் எழுதியிருக்கவில்லை. அதைப் பார்த்தவர் பிறகு அழைக்கவில்லை.

ரீட்மீயின் தொடக்கத்தில் இப்படிச் சேர்த்தேன்: “‘மாத்து’ கட்டளை இனி ‘மாற்று’. உங்கள் ஸ்கிரிப்டுகளில் பழைய பெயர் வரும் இடங்களில் புதியதை எழுதுங்கள்; வேறெதுவும் மாறவில்லை. முன்பே அறிவிக்காதது என் தவறு.”

அவருக்கும் அனுப்பினேன். “ஸ்கிரிப்ட் ஓடுது. நன்றி சார்” என்று பதில் வந்தது. அவர் என்னை சார் என்றழைத்ததே இல்லை.