குழாய்த் தலைக்கு மேலே

லக்ஷ்மிபாய் நகர் தமிழ்ப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பிலிருந்து என்னோடு படித்தவன் அவன். பிறகு இருவரும் சிவில் இன்ஜினியரிங் படித்தோம், ஒரே கம்பெனியில் சேர்ந்தோம். நான் ஆபீஸில் உட்கார்ந்து டிசைன் செய்வேன். அவன் சைட்டில் நின்று கான்டிராக்டரின் வேலையை மேற்பார்வையிடுவான். பதினோரு வருடம் அப்படித்தான் ஓடியது. என் கணக்கை யாராவது குறை சொன்னால் எனக்கு முன்னால் அவனுக்குக் கோபம் வரும்.

துவாரகா பக்கம் ஒரு காலனிக்கு மழைநீர்க் குழாய் பதிக்கும் வேலை வந்தது. ஒரு ஆள் குனிந்தபடி நுழையக்கூடிய கான்கிரீட் குழாய், அதன் தலைக்கு, அதாவது உச்சிக்கு மேல் நான்கு மீட்டர் மண். பள்ளத்தின் அகலம் ஒன்றரை மீட்டரைத் தாண்டக் கூடாது என்று வரைபடத்தில் கட்டம் போட்டு எழுதியிருந்தேன். சுவர் செங்குத்தாக நிற்க, பலகை அடைத்து முட்டுக் கொடுக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தேன்.

அந்த ஒன்றரை மீட்டருக்கு ஒரு காரணம் உண்டு. ஒடுங்கிய பள்ளத்தில் திருப்பிக் கொட்டிய மண் மெல்ல அமிழும்போது, இரண்டு பக்கச் சுவர்களும் அதை உராய்ந்து பிடித்துக்கொள்ளும். தன் எடையில் ஒரு பகுதியை மண் சுவர்களின் தோளில் ஏற்றிவிடும். குழாய்க்கு மிச்சம்தான் வரும். பள்ளம் அகலமானால் கொட்டும் மண் கூடும், சுவர்களும் எட்டப் போய்விடும். மிகவும் அகலமாகிவிட்டாலோ, குழாயின் இரு பக்கத்திலும் இருக்கும் மண் நடு மண்ணைவிட அதிகமாக அமிழ்ந்து, அதையும் கீழே இழுத்துக் குழாயின் மேல் அழுத்தும். என் கணக்கில் அது ஒன்றரை மடங்கு பாரம். நான் தேர்ந்தெடுத்த குழாய் அதைத் தாங்காது.

மே மாதம் ஒரு மத்தியானம் சைட்டிலிருந்து அவன் போன் செய்தான்.

"ஏய், இங்க மண்ணு நிக்கவே மாட்டேங்குது. கொஞ்சம் சரிவா வெட்டிக்கட்டுமா?"

"குழாய்த் தலைக்கு மேல எவ்வளவு வேணா சரிச்சுக்கோ. தலைமட்டத்துலேர்ந்து கீழ மட்டும் ஒன்றரை மீட்டர், செங்குத்தா இருக்கணும். அந்த மட்டத்து அகலம்தான் கணக்கு."

"அச்சா, புரிஞ்சுது. மேல சரிவு, கீழ நேர். டீக் ஹை."

நான் அதை எழுத்தில் அனுப்பவில்லை. அவனிடம் போய் எழுத்தில் எதற்கு என்று இருந்துவிட்டேன்.

முதல் மழைக்கே குழாய்க்கு மேல் போட்ட சாலை நடுவில் ஒரு வாய்க்கால் மாதிரி அமிழ்ந்தது. குழாய்க்குள் சக்கரக் கேமராவை விட்டுப் பார்த்தார்கள். ஆபீஸ் திரையில் நானும் பார்த்தேன். உச்சியில் நீளவாக்கில் ஒரு விரிசல், அடியிலும் அதற்கு நேராக ஒன்று. குழாய்க்குக் குழாய் அதே இரண்டு கோடுகள். மேலிருந்து அழுத்தி வட்டம் சப்பையாகும்போதுதான் அப்படி வெடிக்கும். பாரம் கூடியிருக்கிறது என்று பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. என் கணக்கில் எங்கேயோ தப்பு என்று நினைத்து அன்று முழுக்க எல்லாவற்றையும் திரும்பப் போட்டேன். எல்லாம் சரியாகவே வந்தது.

மூன்றாம் நாள் தலைமைப் பொறியாளர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். பஞ்சாபிக்காரர், அதிகம் பேசமாட்டார். ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். அவன் எழுதிக் கொடுத்திருந்த விளக்கம். அதில் இப்படி இருந்தது: குழாய் மட்டத்தில் அகலம் வரைபடத்தில் உள்ளபடியே இருந்தது. அதற்கு மேல் டிசைனர் போனில் அனுமதி கொடுத்ததால் சரிவாக வெட்டினோம். அந்தச் சரிவால் கூடிய பாரத்தை டிசைனர் கணக்கில் எடுக்கவில்லை. கீழே அவன் கையெழுத்து.

"அனுமதி கொடுத்தீர்களா?" என்று இந்தியில் கேட்டார்.

"கொடுத்தேன் சார். ஆனால்..."

"எழுத்தில் இருக்கிறதா?"

இல்லை என்றேன். அவன் என் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தான். திரும்பி அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் மேஜை மேலிருந்த தண்ணீர் பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தான். வேறு யாராவது எழுதியிருந்தால் அங்கேயே சண்டை போட்டிருப்பேன்.

தாளைத் தலைமைப் பொறியாளர் பக்கம் திருப்பித் தள்ளினேன். "பள்ளத்துக்குக் குறுக்கே ஒரு குழி வெட்டிப் பாருங்கள் சார். வெட்டாத மண் எது, கொட்டின மண் எது என்று கண்ணுக்கே தெரியும். தலைமட்டத்தில் அளந்துவிடலாம்."

அவன் சட்டென்று, "ரோட்டை மறுபடி உடைக்க வேண்டுமா சார்?" என்றான். அவன் கீழேயும் அகலமாகத்தான் வெட்டியிருக்கிறான் என்று அப்போதுதான் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

குழி வெட்டும் அன்று நானும் போனேன். இந்தத் தடவை பலகைகள் ஒழுங்காக வந்திருந்தன. முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் விழுப்புரத்துக்காரர். நான் போனில் தமிழ் பேசியதைக் கேட்டு அருகில் வந்தார்.

"அப்ப இந்தப் பலவ இருந்திருந்தா இவ்ளோ அகலமா வெட்டியிருக்க மாட்டோம் மேடம்."

"அப்ப பலகை வரலையா?"

"எங்க வந்துச்சு? நேரா வெட்டுனா சரிஞ்சுது. எங்காளு ஒருத்தர இடுப்பு வரைக்கும் மண்ணு மூடிக்கிச்சு. கையாலயே தோண்டி இழுத்தோம். அந்தத் தமிழ் சாரும் எறங்கித் தோண்டினாரு. அப்புறம்தான் ஜேசிபிய வெச்சு அடியிலேர்ந்தே அகலமா வெட்டச் சொல்லிட்டாரு."

குழிக்குள் எட்டிப் பார்த்தேன். வெட்டாத மண் வெளிர் மஞ்சளாகக் கட்டியாக நின்றது. கொட்டிய மண்ணில் செங்கல் துண்டும் பிளாஸ்டிக்கும் கலந்திருந்தன. இரண்டுக்கும் நடுவே கத்தியால் கீறியதுபோல ஒரு கோடு. தலைமைப் பொறியாளரே டேப்பைப் பிடிக்கச் சொல்லிப் படித்தார். குழாய்த் தலைமட்டத்தில் இரண்டரை மீட்டருக்கு மேல். அவர் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் காருக்குப் போனார்.

அவன் தண்ணீர் டேங்கருக்குப் பின்னால் தனியாக நின்றான். நான் நேரே போனேன்.

"ஆள் புதைஞ்சத ஏன்டா என்கிட்ட சொல்லல?"

"சொன்னா வேலைய நிறுத்துவே. பலகை இல்லாம வேலைய ஆரம்பிக்க விட்டதே நான்தான். ரிப்போர்ட் ஆகியிருந்தா என் வேலையே போயிருக்கும்."

"அகலமா வெட்டினது தப்பே இல்லடா. உயிர் முக்கியம். அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கனமான குழாய் மாத்திக் கொடுத்திருப்பேன். இல்ல, அடியிலயும் பக்கத்துலயும் கான்கிரீட் போடச் சொல்லியிருப்பேன். ஒரு நாள் வேலை எனக்கு."

"உன் மேல விழுந்தா சும்மா ஒரு வார்னிங்கோட போயிடும்னு நினைச்சேன். நீ ஆபீஸ்ல நல்ல பேர் வாங்கினவ. நீ தாங்கிப்பேன்னு..."

என்னால் தாங்க முடியும் என்று அவன் எடை போட்டிருக்கிறான். அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டதைவிட அதுதான் என்னை அதிகம் நோகடித்தது. அழுகை வந்தது. ஆட்கள் பார்க்கிறார்களே என்று அடக்கிக்கொண்டேன்.

வெடித்த குழாய்களைத் தோண்டி எடுத்துவிட்டு, கூடுதல் பலமுள்ள குழாய்களைக் கான்கிரீட் படுக்கை மேல் பதித்தோம். அந்த அகலத்துக்கு ஏற்ற கணக்கை நானே போட்டேன். ஆள் புதைந்ததையும் பலகை வராததையும் எழுதி, அவன் விளக்கத்தோடு சேர்க்கச் சொல்லித் தலைமைப் பொறியாளரிடம் கொடுத்தேன். கான்டிராக்டருக்கு நோட்டீஸ் போயிற்று. அவனைக் கம்பெனி வேறு ஊருக்கு மாற்றியது.

போவதற்கு முன் அவன் மனைவி என் ஆர்.கே.புரம் வீட்டுக்கு வந்தாள். "அவர் பேசணும்னு சொல்றார், கீழ ஆட்டோல இருக்கார்" என்றாள். அவளுக்குக் காபி கொடுத்தேன். அவள் பெண்ணின் ஸ்கூல் அட்மிஷனைப் பற்றிப் பேசினோம். அவனை மேலே கூப்பிடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவளும் இரண்டாம் தடவை கேட்கவில்லை. ஆட்டோ கிளம்பும் சத்தம் கேட்கும்வரை நான் பால்கனிப் பக்கம் போகவில்லை.