ஆகஸ்டைத் தாண்டுமா?

சித்தூரில் மாங்கூழ் ஆலை நடத்தும் ஆதிநாராயணன், கைப்பணம் போட்டு இரண்டாவது இயந்திரம் வாங்க மறுநாள் கையெழுத்திடுவதாக இருந்தார். ஆலைக் கணக்கைப் பார்க்கும் தங்கை தேவசேனா எக்செல்லில் நல்ல நிலை, எதிர்பார்க்கும் நிலை, மோசமான நிலை மூன்றையும் காட்டினாள். மூன்றிலும் லாபம்தான்.

“அப்புறம் ஏன் மூஞ்ச தூக்கி வெச்சிக்கினு கீற?”

“மோசமான நிலைன்னு விற்பனைய மட்டும்தாண்ணா கொறச்சோம். கூடவே காய் விலையும் ஏறி, கூழ் வாங்கறவங்க மூணு மாசம் கழிச்சி பணம் குடுத்தா?”

அந்த இரண்டு எண்களையும் மாற்றினாள். ஆண்டு லாபம் சுருங்கியது, மறையவில்லை. ஆனால் மாதக் கையிருப்பில் ஆகஸ்டு சிவப்பானது. கூலிக்கே பணமில்லை.

“நல்ல காரியத்துல அபசகுனமா பேசுற!” அவர் கதவை அறைந்துவிட்டு வெளியேறினார். தேவசேனா எண்களைப் பழையபடி மாற்றவில்லை.

வெகுநேரம் கழித்து அவர் திரும்பி வந்தார். “வாங்காம, இந்த சீசனுக்கு வாடகைக்கு எடுத்தா?”

போட்டுப் பார்த்தார்கள். நல்ல நிலையில் லாபம் குறைந்தது. ஆனால் புதிய மோசமான நிலையிலும் கையிருப்பு ஆகஸ்டைத் தாண்டியது.

வாடகைக்கே எடுத்தார். அந்த ஆண்டு காய் விலை ஏறியது, பணமும் தாமதமாகவே வந்தது. கூலி ஒரு வாரமும் தவறவில்லை.