உப்புத்தாள் தேய்த்த மூலை

ஆம்பூரில் ஐப்பசி மழை தொடங்கினால் துண்டு காயாது. அந்த வாரம் எங்கள் குளியலறையில் சுவரும் தரையும் சேரும் இடத்து வெள்ளை சிலிக்கான் பட்டையில் கறுப்புப் புள்ளிகள் வந்தன. டைல்ஸ் இடுக்குகளும் கறுத்திருந்தன.

பழைய வீட்டை வாங்கினோம் என்று என் மனைவியின் அக்காவுக்கு இளக்காரம். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் பள்ளிகொண்டாவிலிருந்து முதல் முறையாக வருவதாக இருந்தது. அவர் வாயை அடைக்க வேண்டும் என்பதுதான் மனைவியின் ஒரே ஆசை.

திங்கட்கிழமை மாலை நான் உப்புத்தாளால் ஒரு மூலையில் பட்டையைத் தேய்த்தேன். ஷூ கம்பெனியில் எனக்கு சோல் ஒட்டும் பிரிவு. அங்கே பசை பிடிக்க எதையும் முதலில் சொரசொரப்பாக்குவோம். மூலை வெளுத்தது. புதன்கிழமை பார்த்தால் முன்பைவிடக் கறுப்பு.

"இன்னாங்க இது, சிலிக்கானுக்கு சோல் ஒட்டப் போறீங்களா?" என்றாள் மனைவி. அவளுக்கு அதே கம்பெனியில் தையல் பிரிவு. "சொரசொரன்னு இருந்தா அழுக்கும் தண்ணியும் நல்லா புடிச்சுக்கும். ஜாஸ்தியா தான் ஆவும்."

உப்புத்தாளை எடுத்து வைத்தேன். நான் தேய்க்காத மற்ற இடங்களுக்கு வழி இருந்தது. ஜன்னலைத் திறந்து, கையுறை போட்டு, டிஷ்யூ தாளைத் திரியாக முறுக்கி, பிளீச்சிங் திரவத்தில் நனைத்துப் பட்டையின் மேல் ஒட்ட வைத்தோம். காயாமலிருக்க மேலே பிளாஸ்டிக் தாள். கக்கூஸ் கழுவும் ஆசிட்டை எடுத்து வெளியே வைத்தாள். இரண்டும் சேர்ந்தால் விஷவாயு. இடுக்குகளில் நீர் கலந்த பிளீச்சைத் தடவி, சற்று ஊறவிட்டு, பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினோம். இரண்டு மூன்று மணி நேரம் கழித்துத் திரிகளை எடுத்தபோது பட்டை பால் போலிருந்தது.

நான் தேய்த்த மூலை மட்டும் மசியவில்லை. வியாழன் மாலை அந்தப் பட்டையை பிளேடால் அறுத்தெடுத்து, அடியில் இருந்த கறுப்பையும் அதே திரவத்தால் துடைத்துக் கழுவினேன். கதவுக்கு வெளியே மேசை ஃபேனை வைத்து வெள்ளி மாலைவரை உலர்த்தினோம். ஈரத்தில் புது சிலிக்கான் பிடிக்காது.

புது சிலிக்கான் குழலை நான் எடுத்தேன். பிடுங்கிக்கொண்டாள். "ஓரம் நேரா போவணும். நவுருங்க." இரு பக்கமும் டேப் ஒட்டி, ஒரே இழுப்பு. சோப்பு நீரில் நனைத்த விரலால் தடவி, உடனே டேப்பை உரித்தாள். தோலில் அவள் போடும் தையல் போலவே கோணல் இல்லாத கோடு. சனி மாலைவரை பின்கட்டுக் குழாயடியில்தான் குளித்தோம்.

ஞாயிறு அன்று அக்கா குளிக்கப் போனார். வெளியே வர நேரமானது. மனைவி கூடத்தில் நின்றபடியே காத்திருந்தாள்.

"மேஸ்திரி யாருடி? மூலை நல்லா புடிச்சிருக்கான்."

"நான்தான்க்கா."

"ஐயே, சும்மா கதை வுடாத!"

"அவரு தேச்சுக் கெடுத்தாரு, நான் சரி பண்ணேன்," என்று என்னைக் காட்டினாள். நான் தலையாட்டினேன், அவ்வளவு பெருமையாக நான் எதற்கும் தலையாட்டியதில்லை.

அக்கா மறுபடி உள்ளே போனார். வைப்பரால் சுவரிலும் தரையிலும் இருந்த தண்ணீரை இழுத்துவிட்டு, காற்று போகக் கதவைத் திறந்து வைத்துவிட்டு வந்தார்.

"ஈரம் நின்னா மறுபடி வந்துடும்டி," என்றார்.